மூன்று விடையும் கூட்டினால் சரியாக வருகிறது, ஆனால் ஒன்று தவறு

"ஓஎஸ் தேர்வில் ரவுண்ட் ராபின் கணக்கு ஒன்று. P1, P2, P3, P4 வரும் நேரம் 0, 1, 2, 4. பர்ஸ்ட் டைம் 5, 3, 4, 1. குவாண்டம் 2. சராசரி வெயிட்டிங் டைம் எனக்கு 6, நண்பனுக்கு 5.5, வகுப்பில் தந்த விடைக்குறிப்பில் 5.75. மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டோம், எல்லாமே சரியாக வருகிறது. யாருடையது சரி? விடைத்தாள் நகல் வாங்கிக் கேட்கலாமா?"

உங்கள் நண்பருடைய 5.5 தவறு. உங்கள் 6, விடைக்குறிப்பின் 5.75 இரண்டும் சரி. வினாத்தாள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. அதை நீங்கள் ஒரு மாதிரியாகவும் விடைக்குறிப்பு எழுதியவர் வேறு மாதிரியாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கல்லூரியில் இந்தப் பாடத்தை 14 வருடமாக நடத்துகிறேன், ஒவ்வொரு பருவமும் விடைத்தாள் திருத்தப் போகிறேன். இந்த மாதிரிக் கணக்கில் இரண்டு மூன்று விடைகள் வருவது வழக்கம்தான். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த வரி: "கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டோம், எல்லாமே சரியாக வருகிறது." சரியாக வரத்தான் செய்யும். அந்தச் சோதனையால் இந்தத் தவறைப் பிடிக்கவே முடியாது.

நீங்கள் போட்ட சூத்திரங்கள் இவைதானே:

```
TAT = CT - AT
WT  = TAT - BT
```

முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் டர்ன்அரவுண்ட் டைம், அதிலிருந்து பர்ஸ்ட் டைமைக் கழித்தால் வெயிட்டிங் டைம். பிறகு சரிபார்க்கும்போது டர்ன்அரவுண்ட் மொத்தத்திலிருந்து வெயிட்டிங் மொத்தத்தைக் கழித்து, 5+3+4+1 = 13 வருகிறதா என்று பார்த்திருப்பீர்கள். வெயிட்டிங் டைமையே அந்த 13-ஐக் கழித்துத்தான் எடுத்தீர்கள். திரும்பக் கழித்தால் அதே 13 வராமல் வேறு என்ன வரும்? சார்ட்டில் P4-ஐ P1-க்கு முன்னால் நிறுத்தினாலும் இந்தச் சோதனை தலையாட்டிவிடும். மளிகைக் கடைச் சீட்டின் கூட்டல் சரியாக இருக்கலாம். அது பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய சாமானுக்கான சீட்டா என்பதைக் கூட்டல் சொல்லாது.

ஆக, பார்க்க வேண்டியது சிபியுவுக்காக ப்ராசஸ்கள் காத்து நிற்கும் ரெடி க்யூவை. ரவுண்ட் ராபினில் சார்ட் என்பது க்யூவின் நிழல்தான். க்யூவை எழுதாமல் நேராகக் கட்டம் போட ஆரம்பித்தால் கை பழக்கத்தில் P1, P2, P3, P4 என்று சுற்றி வந்துவிடும். இனி உங்கள் கணக்கையே போடுவோம்.

நேரம் 0-ல் P1 மட்டும்தான் இருக்கிறது. அது 0 முதல் 2 வரை ஓடுகிறது, மீதி 3. நேரம் 1-ல் P2 வந்து க்யூவில் நிற்கிறது. இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. நேரம் 2 ஆகும்போது ஒரே கணத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. P1-க்குக் குவாண்டம் தீர்ந்து, அது க்யூவின் வாலுக்குப் போக வேண்டும். P3-யும் அதே 2-ல் வருகிறது, அதற்கும் இடம் வாலில்தான். யார் முன்னால், யார் பின்னால்? முழுக் கணக்கும் இந்த ஒரு இடத்தில்தான் பிரிகிறது.

நீங்கள் புதிதாக வந்தவரை முன்னால் விட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 2-ல் க்யூ: P2, P3, P1. இப்போது P2 ஓடுகிறது, 4 வரை, மீதி 1. நேரம் 4-ல் மறுபடியும் அதே சிக்கல்: P4 வருகிறது, P2 திரும்புகிறது. அதே விதிப்படி P4 முன்னால், P2 பின்னால். க்யூ: P3, P1, P4, P2. இதற்குப் பிறகு புதிதாக வர யாரும் இல்லை, க்யூ தானாக நகரும். P3 ஓடி 6-ல் மீதி 2-உடன் வாலுக்குப் போகிறது. P1 8 வரை ஓடி மீதி 1-உடன் வாலுக்குப் போகிறது. P4 9-ல் முடிகிறது, P2 10-ல், P3 12-ல், P1 13-ல்.

```
| P1 | P2 | P3 | P1 | P4 | P2 | P3 | P1 |
0    2    4    6    8    9    10   12   13
```

முடியும் நேரம் P1-க்கு 13, P2-க்கு 10, P3-க்கு 12, P4-க்கு 9. டர்ன்அரவுண்ட் 13, 9, 10, 5. மொத்தம் 37, சராசரி 9.25. வெயிட்டிங் 8, 6, 6, 4. மொத்தம் 24, சராசரி 6. உங்கள் விடை இதுதான், ஒரு பிசகும் இல்லை.

விடைக்குறிப்பு எழுதியவர் குவாண்டம் தீர்ந்தவரை முதலில் வாலில் நிறுத்திவிட்டு, அதன் பின்னால் புதியவரைச் சேர்த்திருக்கிறார். அப்போது 2-ல் க்யூ: P2, P1, P3. நேரம் 4-ல் P2 வாலுக்குப் போகிறது, அதன் பின்னால் P4. க்யூ: P1, P3, P2, P4. இதைத் தொடர்ந்தால் வரும் சார்ட்:

```
| P1 | P2 | P1 | P3 | P2 | P4 | P1 | P3 |
0    2    4    6    8    9    10   11   13
```

இங்கே P2 9-ல் முடிகிறது, P4 10-ல், P1 11-ல், P3 13-ல். டர்ன்அரவுண்ட் 11, 8, 11, 6, சராசரி 9. வெயிட்டிங் 6, 5, 7, 5; மொத்தம் 23, சராசரி 5.75. இதிலும் பிசகு இல்லை.

இனி நண்பருடையது. 5.5 எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடினேன். இந்தச் சார்ட்டைப் போட்டால் அச்சாக அதே எண் வருகிறது:

```
| P1 | P2 | P3 | P4 | P1 | P2 | P3 | P1 |
0    2    4    6    7    9    10   12   13
```

டர்ன்அரவுண்ட் 13, 9, 10, 3. வெயிட்டிங் 8, 6, 6, 2. மொத்தம் 22, சராசரி 5.5. பார்வைக்கு மூன்றிலும் இதுதான் ஒழுங்கான சார்ட். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகப் போய்த் திரும்பவும் ஒன்றில் ஆரம்பிக்கிறது. P4 வருவதற்கு முன்பே அதை ஓட்டிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. வந்தது 4-ல், ஓடியது 6-ல். ஆனால் 6-ல் க்யூவின் தலையில் நின்றது யார்? P1 நேரம் 2-லிருந்தே க்யூவில் நிற்கிறது. P4 வந்ததே 4-ல்தான். எந்த விதியை எடுத்துக்கொண்டாலும் 2-ல் நின்றவர் 4-ல் வந்தவருக்கு முன்னால்தான். இங்கே இருவரும் ஒரே கணத்தில் வரவில்லை, ஆகவே அபிப்பிராய பேதத்துக்கே இடமில்லை. P4 வரிசையை மீறி உள்ளே போயிருக்கிறது. அதனால்தான் இதைத் தவறு என்று தயங்காமல் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெரும்பாலும் படிப்பது சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே மூவரும் எழுதிய புத்தகம். அதில் ரவுண்ட் ராபினுக்குப் போட்டிருக்கும் முதல் எடுத்துக்காட்டில் பர்ஸ்ட் டைம் 24, 3, 3, குவாண்டம் 4, மூன்று ப்ராசஸும் நேரம் 0-லேயே வந்துவிடுகின்றன. வெயிட்டிங் டைம் 6, 4, 7, சராசரி 17/3. எல்லாரும் 0-ல் வந்துவிட்டால் க்யூவும் எண் வரிசையும் ஒன்றேதான், சுற்றி வந்தால் போதும், தப்பே வராது. அந்தக் கணக்கை நான்கு தடவை போட்டுப் பழகியவருக்கு, வரும் நேரம் வேறு வேறாக இருக்கும் கணக்கிலும் கை அப்படியே சுற்றும். நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் நானே முதல் இரண்டு வருடம் அந்த 0-ல் வரும் கணக்கோடு நிறுத்திக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

திருத்தும்போது நான் என்ன பார்க்கிறேன் என்றால், முதலில் கடைசி எண்ணை. எல்லா பர்ஸ்ட்டையும் கூட்டினால் 13, சிபியு நடுவில் சும்மா இருக்கவில்லை, எனவே சார்ட் 13-ல் முடிய வேண்டும். 14-ல் முடிந்தால் எங்கோ ஒரு கட்டம் ஒரு யூனிட் நீண்டுவிட்டது. பெரும்பாலும் மீதி 1 இருக்கிற ப்ராசஸுக்கு முழுக் குவாண்டம் 2-ஐயும் கொடுத்திருப்பார்கள். நடுவில் யாருமே இல்லாத நேரம் இருந்தால் அதையும் ஒரு வெற்றுக் கட்டமாகப் போட வேண்டும், அப்போது கடைசி எண் பர்ஸ்ட் மொத்தத்தோடு அந்த வெற்று நேரமும் சேர்ந்தது. இதை விட்டுவிட்டு அடுத்த ப்ராசஸை அது வருவதற்கு முன்பே ஓட்டிவிடுகிறவர்கள் நிறைய.

அப்புறம் வெயிட்டிங் டைமைச் சூத்திரத்தை விட்டுவிட்டு, சார்ட்டில் இருக்கும் இடைவெளிகளை எண்ணி எடுப்பேன். உங்கள் சார்ட்டில் P1: ஓடியது 0–2, 6–8, 12–13. நடுவில் 2 முதல் 6 வரை 4, 8 முதல் 12 வரை 4, ஆக 8. P2 வந்தது 1-ல், ஓடத் தொடங்கியது 2-ல், அதில் 1; பிறகு 4 முதல் 9 வரை 5; ஆக 6. P3-க்கு 2-லிருந்து 4 வரை 2, 6-லிருந்து 10 வரை 4, ஆக 6. P4-க்கு 4-லிருந்து 8 வரை 4. இது சூத்திரத்தில் வந்ததோடு பொருந்தினால் ஒவ்வொரு ப்ராசஸும் தன் பர்ஸ்ட் அளவுக்குத்தான் ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். P1-க்கு ஆறு யூனிட் கட்டம் போட்டிருந்தால் இடைவெளிக் கணக்கும் சூத்திரக் கணக்கும் ஒன்று வேறுபடும். நீங்கள் செய்த கூட்டல் கழித்தல் சோதனையை விட இதற்கு உயிர் அதிகம், ஏனென்றால் இரண்டும் இரண்டு வழி. ஆனாலும் வரிசை சரியா என்பதை இதுவும் சொல்லாது. நண்பருடைய சார்ட்டில் இடைவெளிகளை எண்ணினாலும் 8, 6, 6, 2 என்றே வரும், பொருந்தத்தான் செய்யும்.

வரிசைக்கு ஒரே வழி, கட்டத்தின் ஒவ்வொரு எல்லையிலும் க்யூவை எழுதுவது. பரீட்சைத் தாளில் சார்ட்டுக்குக் கீழே 2, 4, 6, 8 என்று எண்களுக்கு நேராக க்யூவை ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு நிமிட வேலை. உங்கள் சார்ட்டுக்கு அது இப்படி இருக்கும்:

```
2 : P2 P3 P1
4 : P3 P1 P4 P2
6 : P1 P4 P2 P3
8 : P4 P2 P3 P1
```

ஒரு முறை திருத்தும் முகாமில் என் மேசைக்கு வந்த தாளில், ஒரு மாணவி இதைப் பென்சிலில் ஓரத்தில் எழுதியிருந்தார். விடை குறிப்போடு பொருந்தவில்லை. அந்த ஓர எழுத்தைப் பார்த்த பிறகுதான் அவர் புதியவரை முன்னால் விட்டிருக்கிறார், மற்றபடி எல்லாம் சரி என்று புரிந்தது. முழு மதிப்பெண் போட்டேன். அதே கட்டில் இன்னொரு தாள், அதே விடை, ஆனால் சார்ட்டைத் தவிர ஒரு எழுத்து இல்லை. அதற்கும் போட்டேன், ஆனால் அதற்காக நானே உட்கார்ந்து க்யூ போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்குக் கட்டுக் கட்டாகத் திருத்துகிறவர் ஒவ்வொரு தாளுக்கும் அதைச் செய்வார் என்று நான் சொல்ல மாட்டேன்.

திருத்தித் திருத்தி எனக்கு வந்த இன்னொரு பழக்கம், விடை எண்ணைப் பார்த்தே தவறை ஊகிப்பது. இதே கணக்கில் சராசரி டர்ன்அரவுண்ட் 11, வெயிட்டிங் 7.75 என்று யாராவது எழுதியிருந்தால், சார்ட் உங்களுடையதேதான். வரும் நேரத்தைக் கழிக்க மறந்துவிட்டார். 13+10+12+9 = 44, நாலால் வகுத்தால் 11. வெயிட்டிங் 1.75 என்று இருந்தால் ஒவ்வொரு ப்ராசஸும் முதல் தடவை ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்து நிறுத்திவிட்டார்: 0, 1, 2, 4, மொத்தம் 7. அது ரெஸ்பான்ஸ் டைம். நடுவில் நிறுத்தாமல் ஓடுகிற முறைகளில் இரண்டும் ஒன்றே என்பதால், வந்த வரிசையிலேயே ஓட்டும் எஃப்.சி.எஃப்.எஸ் கணக்கில் அந்தக் குறுக்கு வழி வேலை செய்யும், ரவுண்ட் ராபினில் காலை வாரிவிடும்.

எஃப்.சி.எஃப்.எஸ் பேச்சு வந்ததால் ஒன்று. இதே நான்கு ப்ராசஸை எஃப்.சி.எஃப்.எஸ்-ல் போட்டால் வெயிட்டிங் 0, 4, 6, 8, சராசரி 4.5. ரவுண்ட் ராபினில் உங்களுக்கு 6. "ரவுண்ட் ராபின் நல்ல முறையாச்சே, எப்படி அதிகமாக வரும்?" என்று பயந்து, சரியான விடையை அடித்துவிட்டு மாற்றி எழுதினவர்களைப் பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். ரவுண்ட் ராபின் குறைப்பதாகச் சொல்வது ரெஸ்பான்ஸ் டைமை, எஃப்.சி.எஃப்.எஸ்-ல் அதுவும் 4.5, உங்கள் சார்ட்டில் 1.75. வெயிட்டிங் டைம் கூடலாம், கூடுவது சகஜம்.

கீழ்ப் பக்கம் மட்டும் ஒரு தரை உண்டு. மீதி வேலை குறைவாக உள்ளதை எப்போதும் முதலில் ஓட்டும் முறையை, அதாவது எஸ்.ஆர்.டி.எஃப்-ஐ விடக் குறைந்த சராசரி வெயிட்டிங் டைம் ஒரே சிபியுவில் எந்த முறையிலும் வராது; லைனஸ் ஸ்ரேஜ் 1968-ல் இதை நிரூபித்தார். உங்கள் கணக்குக்கு அதைப் போட்டால், நேரம் 1-ல் P2 வந்து P1-ஐ நிறுத்துகிறது, 4-ல் முடிகிறது. P4 4 முதல் 5 வரை. பிறகு P1, P3 இரண்டுக்கும் மீதி 4. P1-ஐ முதலில் விட்டால் வெயிட்டிங் 4, 0, 7, 0. மொத்தம் 11, சராசரி 2.75. ஆக, இந்த அட்டவணைக்கு யார் எந்த முறையில் போட்டாலும் 2.75-க்குக் கீழே வந்தால் தவறு. 5.5 இந்தத் தரைக்கு மேலே இருப்பதால் இந்தச் சோதனையிலும் தப்பிவிடுகிறது பாருங்கள்.

அந்த எஸ்.ஆர்.டி.எஃப் கணக்கில் இன்னொரு சுவாரசியம். நேரம் 5-ல் P1, P3 இரண்டுக்கும் மீதி சமம். P3-ஐ முதலில் விட்டால் வெயிட்டிங் 8, 0, 3, 0 என்று மாறும், ஆனால் மொத்தம் மறுபடியும் 11. காரணம் எளிது: மீதி வேலை இருவருக்கும் ஒரே அளவு, யார் முன்னால் போனாலும் 9-ல் ஒருவர், 13-ல் ஒருவர் முடிகிறார்கள், ஆள் மாறுகிறது, நேரம் மாறவில்லை. அதனால் குறைந்த பர்ஸ்ட் உள்ளதை முதலில் ஓட்டும் எஸ்.ஜே.எஃப்-லும் எஸ்.ஆர்.டி.எஃப்-லும் சமநிலையை யார் எப்படி உடைத்தாலும் சராசரி ஒன்றாகவே வரும். இரண்டு பேருக்குச் சராசரி வேறாக வந்தால் ஒருவர் நிச்சயம் தவறு. ப்ரையாரிட்டி முறையில் அப்படி இல்லை. ப்ரையாரிட்டி சமமாக இருந்தாலும் பர்ஸ்ட் வேறாக இருந்தால் சராசரி மாறிவிடும். ரவுண்ட் ராபினும் அப்படித்தான், உங்கள் கணக்கே சாட்சி. நண்பர்களோடு விடையை ஒப்பிடும்போது எந்த முறையில் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எதில் கூடாது என்பதற்கு இது போதும்.

இரண்டு விதிகளில் எது 'உண்மையான' விதி என்று கேட்பீர்கள். நம் வகுப்புகளில் புதியவரை முன்னால் விடுவதையே அதிகம் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் நடத்துகிறேன், அது ஒரு பழக்கம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நிஜக் கணினியில் ஒரே சிபியு இரண்டு இன்டரப்ட்டை ஒரே கணத்தில் கவனிக்காது, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் கவனிக்கும். டைமர் இன்டரப்ட் முதலில் கவனிக்கப்பட்டால் P1 வாலில் நிற்கும், P3 பின்னால், மாறினால் மாறும். தாளில் மட்டும்தான் இரண்டும் சரியாக 2.000-ல் நடக்கின்றன. புத்தகத்தின் விளக்கமும், புதிய ப்ராசஸ் வாலில் சேரும், குவாண்டம் தீர்ந்ததும் வாலில் சேரும் என்பதோடு நிற்கிறது. எனவே குறிப்பு எழுதியவரிடம் போய் "உங்களுடையது தவறு" என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். "என்னுடையதும் சரி" என்பதுதான் உங்கள் வழக்கு, அதில் நியாயம் இருக்கிறது.

விடைத்தாள் நகல் விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண் கூடுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, மறுமதிப்பீட்டில் யார் கையில் போகிறது, உங்கள் கல்லூரியின் விதி என்ன என்பதைப் பொறுத்தது. நகல் கையில் கிடைத்தால் முதலில் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், இந்தக் கேள்விக்கு எங்கே கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மாதிரிக் கேள்விக்குப் பொதுவாகச் சார்ட்டுக்குத் தனி, ஒவ்வொரு ப்ராசஸின் நேரத்துக்குத் தனி, சராசரிக்குத் தனி என்று பிரித்துப் போடுவார்கள். சார்ட்டுக்கு முழுசாகப் போட்டுவிட்டுச் சராசரியில் மட்டும் கழித்திருந்தால், திருத்தியவர் சார்ட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்; அதிலிருந்து வருவது 6 மட்டுமே, எனவே அந்தக் கழிப்பு தனக்குத்தானே முரண். இந்த வழக்கு வலுவானது. சார்ட்டுக்கே பூஜ்யம் போட்டிருந்தால், மேலே எழுதின நான்கு வரி க்யூவை ஒரு தாளில் எழுதி, 2-லும் 4-லும் வந்த ப்ராசஸை முன்னால் விட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாட ஆசிரியரிடம் முதலில் காட்டுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அவர் தலையசைத்தால் நல்லது. நண்பரிடம் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூத்திரத்துக்கும் படிகளுக்கும் அவருக்கு ஏற்கெனவே ஏதாவது கிடைத்திருக்கும், சார்ட்டுக்குக் கிடைக்காது.

அடுத்த தேர்வில் சார்ட்டுக்கு மேலே ஒரே வரி எழுதிவிடுங்கள்: "ஒரே நேரத்தில் வந்தால், புதிய ப்ராசஸ் குவாண்டம் தீர்ந்த ப்ராசஸுக்கு முன்னால் ரெடி க்யூவில் சேர்வதாகக் கொள்கிறேன்." உங்கள் தேர்வு ஆங்கிலத்தில் என்றால் அதையே ஆங்கிலத்தில். வினாத்தாளிலேயே வேறு விதி கொடுத்திருந்தால் மட்டும் இந்த வரி செல்லாது, அதனால் கேள்வியின் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுதுங்கள். அந்த விதியை அட்டவணைக்குக் கீழே சின்னதாக ஒரு வரியில் போட்டிருப்பார்கள், அவசரத்தில் அதுதான் கண்ணில் படாது.